ஒரே வண்டியில் இரண்டு ஊசல்: ரேங்க் சோதனை சொல்வதும் சொல்லாததும்

ஒரு இயந்திரத்தின் அசைவை x' = Ax + Bu என்று எழுதுவது ஸ்டேட் ஸ்பேஸ் மாடல்; x அதன் n நிலை மாறிகள், u நாம் கொடுக்கும் உள்ளீடு. அது கைக்கு வந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: A, B இரண்டையும் வைத்து கன்ட்ரோலபிலிட்டி அணியைக் கட்டுவார்கள், அதன் ரேங்க், அதாவது ஒன்றையொன்று சாராத நிரல்களின் எண்ணிக்கை, n வந்தால் "கன்ட்ரோலபிள்", அதாவது உள்ளீட்டை வைத்து எல்லா நிலை மாறிகளையும் வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகலாம், என்று ஒரு வரி எழுதிவிட்டு கன்ட்ரோலர் டிசைனுக்குப் போய்விடுவார்கள். தேர்வுத்தாளுக்கு அது போதும். நிஜ இயந்திரத்துக்குப் போதாது, ஏனென்றால் ரேங்க் என்பது ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு முழு எண். எந்த அசைவு கைவிட்டுப் போனது, போகவில்லை என்றால் எவ்வளவு நூலிழையில் தப்பியது என்பதெல்லாம் அதில் இருக்காது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி என்பதை ஒரே ஒரு உதாரணத்தை வைத்துக் கடைசிவரை போட்டுப் பார்த்துவிடலாம். அணிப் பெருக்கலும், ஐகன் மதிப்பு என்றால் என்ன என்பதும் தெரிந்திருந்தால் போதும்.

மாடல்

ஒரு வண்டி, நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓடும். அதன் மேல் இரண்டு தலைகீழ் ஊசல்கள், அதாவது அடியில் கீல் வைத்து மேல்நோக்கி நிறுத்திய இரண்டு இலேசான கம்பிகள், நுனியில் ஆளுக்கொரு எடை. வண்டி ஒன்றுதான், அதை ஓட்டும் மோட்டாரும் ஒன்றுதான். கேள்வி: ஒரே மோட்டாரை வைத்து இரண்டு கம்பிகளையும் விழாமல் நிறுத்த முடியுமா?

வண்டியின் முடுக்கத்தை உள்ளீடு u என்று எடுத்துக்கொள்வோம். கம்பி நேராக நிற்கும் நிலைக்கு அருகில், சிறிய கோணங்களுக்கு, ஒவ்வொரு கம்பியின் சமன்பாடும் இப்படி வரும்:

```
θ'' = (g/L) θ − (1/L) u
```

நுனி எடையின் நிறை இதில் எங்கும் இல்லை, நீளம் L மட்டும்தான் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். கையால் போட வசதியாக g = 10 என்று வைப்போம். முதல் கம்பி 1 மீட்டர், இரண்டாவது 0.5 மீட்டர். நிலை மாறிகள் நான்கு: முதல் கம்பியின் கோணம், அதன் கோண வேகம், இரண்டாவதன் கோணம், அதன் கோண வேகம், இதே வரிசையில்.

```
A = [ 0   1   0   0        B = [ 0
     10   0   0   0             -1
      0   0   0   1              0
      0   0  20   0 ]           -2 ]
```

வரிசையை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பாதிக் கணக்கில் கோணம் எது, வேகம் எது என்று குழம்பிவிட்டால் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் பொருள் கண்டுபிடிக்க முடியாது.

அணியை நிரல் நிரலாகக் கட்டுவது

கன்ட்ரோலபிலிட்டி அணி என்பது B, AB, A²B என்று Aⁿ⁻¹B வரை பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியது. ருடால்ஃப் கால்மன் 1960 வாக்கில் இந்தக் கருத்தைக் கொண்டுவந்ததிலிருந்து எல்லாப் பாடத்திலும் இது உண்டு. ஆனால் ஒவ்வொரு நிரலும் இயற்பியலில் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டே கட்டினால்தான் பின்னால் ரேங்க் குறையும்போது காரணம் தெரியும்.

முதல் நிரல் B. மோட்டார் நேரடியாக எதைத் தொடுகிறது? இரண்டு கோண வேகங்களை மட்டும், −1, −2 என்ற விகிதத்தில். கோணத்தை அது நேராகத் தொட முடியாது. இரண்டாவது நிரல் AB, வேகம் மாறினால் கோணம் மாறும், எனவே அதே −1, −2 இப்போது கோணங்களின் இடத்துக்கு நகர்ந்து [−1, 0, −2, 0] என்று வரும். மூன்றாவது நிரலில்தான் விஷயம் இருக்கிறது. சாய்ந்த கம்பியைப் புவியீர்ப்பு மேலும் சாய்க்கிறது, அந்த விளைவு மறுபடி வேகத்துக்கு வருகிறது: [0, −10, 0, −40]. இப்போதும் வேகங்கள்தான், ஆனால் விகிதம் 1:2 அல்ல, 1:4. குட்டைக் கம்பி வேகமாக விழுகிறது என்பதால் அதன் பங்கு கூடிவிட்டது. விகிதம் மாறியதால் இது முதல் நிரலின் மடங்கு இல்லை, ஒரு புதிய திசை. நான்காவது நிரல் A³B, அதே 1:4 விகிதம் கோணங்களுக்கு.

```
Mc = [ 0   -1    0  -10
      -1    0  -10    0
       0   -2    0  -40
      -2    0  -40    0 ]
```

நான்கோடு ஏன் நிறுத்துகிறோம் என்றால், கெய்லி–ஹாமில்டன் தேற்றப்படி A⁴ என்பது A-இன் கீழ் அடுக்குகளைக் கொண்டே எழுதக்கூடியது. அதனால் A⁴B புதிய திசை எதையும் தராது, எத்தனை அடுக்கு மேலே போனாலும் ரேங்க் ஏறாது.

இந்த அணியில் பூஜ்யங்கள் ஒன்றுவிட்டு ஒன்று வருவதால் இது உண்மையில் இரண்டு 2×2 அணிகள்தான், இரண்டுமே [−1 −10, −2 −40]. அதன் அணிக்கோவை 40 − 20 = 20, பூஜ்யம் இல்லை. ரேங்க் 4. எனவே ஒரே மோட்டாரை வைத்து இரண்டு கம்பிகளையும் நிறுத்தலாம். இதே கணக்கை ஆக்டேவ் அல்லது மேட்லாபில் தட்டினால்:

```
g = 10; L1 = 1; L2 = 0.5;
A = [0 1 0 0; g/L1 0 0 0; 0 0 0 1; 0 0 g/L2 0];
B = [0; -1/L1; 0; -1/L2];
Mc = [B, A*B, A^2*B, A^3*B];
rank(Mc)
svd(Mc)
```

`ctrb(A,B)` என்ற ஆயத்தக் கட்டளையும் உண்டு, ஆனால் அதற்கு ஆக்டேவில் கன்ட்ரோல் பேக்கேஜ் ஏற்ற வேண்டும். கையால் அடுக்கினால் அது தேவையில்லை. கடைசி வரியில் உள்ள `svd` எதற்கு என்று இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது 41.29, 41.29, 0.484, 0.484 என்று நான்கு எண்களைக் காட்டும், குறித்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கம்பியும் ஒரே நீளம் என்றால்

L2-வையும் 1 ஆக்குங்கள். B இப்போது [0, −1, 0, −1]. 2×2 அணி [−1 −10, −1 −10] ஆகிவிடும், இரண்டு நிரைகளும் ஒன்றே. ஒவ்வொன்றின் ரேங்கும் 1, மொத்தம் 2. நான்கில் இரண்டு போயிற்று.

இங்கே "அன்கன்ட்ரோலபிள்" என்று எழுதி நிறுத்திவிடாமல், போனது எது என்று கேட்க வேண்டும். இரண்டு சமன்பாடுகளையும் கழித்துப் பாருங்கள். கோணங்களின் வித்தியாசம் d = θ1 − θ2 என்றால்:

```
d'' = 10 d
```

u காணோம். இரண்டு கம்பிகளும் வண்டியின் முடுக்கத்துக்கு ஒரே மாதிரிப் பதில் சொல்வதால், அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை வண்டி எப்படி ஆட்டினாலும் தொடவே முடியாது. நிறையை மாற்றினால் சரியாகுமா என்று கேட்கத் தோன்றும். ஆகாது, சமன்பாட்டில் நிறையே இல்லை என்று முன்பே பார்த்தோம். முடுக்கத்துக்குப் பதில் மோட்டாரின் விசையை உள்ளீடாக எடுத்து, வண்டியின் இயக்கத்தையும் சேர்த்து மாடலை மறுபடி எழுதினாலும் இதே d'' = 10 d தான் வரும், ஏனென்றால் வண்டி எதனால் முடுக்கம் பெற்றாலும் அது இரண்டு கம்பிக்கும் ஒன்றே.

எது போனது என்று கம்ப்யூட்டரைச் சொல்ல வைப்பது

இந்த உதாரணத்தில் கழித்துப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்கே தெரிந்தது. எட்டு, பத்து நிலை மாறிகள் உள்ள மாடலில் தெரியாது. அதற்குத்தான் இன்னொரு ரேங்க் சோதனை இருக்கிறது, போபோவ், பெலெவிட்ச், ஹவுடுஸ் மூவரின் பெயராலும் அழைக்கப்படுவது, சுருக்கமாக பிபிஹெச். A-இன் ஒவ்வொரு ஐகன் மதிப்பு λ-வுக்கும் [λI − A, B] என்ற அணியின் ரேங்க் n இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த λ-வில் ரேங்க் குறைகிறதோ அந்த λ-வுக்கு உரிய அசைவைத்தான் உள்ளீட்டால் தொட முடியவில்லை. முதல் சோதனை எத்தனை திசை போனது என்று எண்ணிச் சொல்லும், இது ஆளை அடையாளம் காட்டும்.

```
e = eig(A);
for k = 1:4
  s = svd([e(k)*eye(4) - A, B]);
  disp([e(k), s(end)])
end
```

ரேங்க் என்று கேட்காமல் மிகச் சிறிய சிங்குலர் மதிப்பை அச்சிடச் சொல்லியிருக்கிறேன், அதுதான் பாதுகாப்பு. `svd` தரும் எண்கள்தான் சிங்குலர் மதிப்புகள், அவற்றில் பூஜ்யமல்லாதவை எத்தனையோ அதுவே ரேங்க். `eig` தரும் λ கடைசி இலக்கத்தில் சற்றே பிசகியிருக்கும், அந்தப் பிசகாலேயே சில சமயம் `rank` தவறாக 4 என்று சொல்லிவிடும். சிங்குலர் மதிப்பு 10⁻¹⁵ அளவில் வந்தால் அது பூஜ்யம் என்று மனிதக் கண்ணுக்குத் தெரியும்.

சம நீளத்துக்கு இதை ஓட்டினால் ஐகன் மதிப்புகள் +3.162 இரண்டு முறை, −3.162 இரண்டு முறை வரும், நான்கிலும் அந்தக் கடைசி எண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஏன் என்று கையாலும் சரிபார்க்கலாம். λ = √10 என்று வைத்து w = [λ, 1, −λ, −1] என்ற நிரையை எடுங்கள். wA போட்டால் [10, λ, −10, −λ] வரும், λ² = 10 என்பதால் அது λw-வேதான். wB = −1 + 1 = 0. அதாவது w காட்டும் சேர்க்கை தன்பாட்டுக்கு e^(3.16t) என்று வளர்கிறது, உள்ளீடு அதற்குள் நுழையவே இல்லை. w-வின் உறுப்புகளைப் பாருங்கள், முதல் கம்பிக்கும் இரண்டாவதுக்கும் எதிர்க்குறி: நாம் கழித்துக் கண்டுபிடித்த அதே வித்தியாசம்.

இதிலிருந்து ஒரு குறுக்குவழியும் கிடைக்கிறது. ஒரே ஐகன் மதிப்புக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு ஐகன் திசைகள் இருந்தால், ஒரு உள்ளீட்டை வைத்துக்கொண்டு கன்ட்ரோலபிள் ஆக்கவே முடியாது, B-யில் எந்த எண்ணைப் போட்டாலும் சரி. மூன்று இருந்தால் குறைந்தது மூன்று உள்ளீடு வேண்டும். ஒரே மாதிரியான பாகங்கள் இரண்டு, மூன்று உள்ள இயந்திரத்தைப் பார்த்ததும் கணக்குப் போடும் முன்பே இது மண்டையில் உறைக்க வேண்டும்.

அடுத்து, கைவிட்டுப் போன λ-வின் மெய்ப்பகுதியைப் பாருங்கள். இங்கே +3.162, நேர்மறை. இரண்டு கம்பிகளுக்கும் இடையே துளி வித்தியாசம் இருந்தாலும் அது வளர்ந்து கொண்டே போகும், எந்தக் கன்ட்ரோலரும் காப்பாற்றாது. இதுவே தலைகீழாக நிறுத்தாமல் கீழே தொங்கவிட்ட ஊசல்களாக இருந்து, கீலில் கொஞ்சம் உராய்வும் இருந்தால், வித்தியாசம் தானாகவே ஆடி அடங்கிவிடும். ரேங்க் அப்போதும் 2 தான், அன்கன்ட்ரோலபிள்தான், ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை. போன அசைவுகள் எல்லாம் தானே அடங்குபவை என்றால் அந்த அமைப்பை ஸ்டெபிலைசபிள் என்பார்கள், பல நிஜ வேலைகளுக்கு இதுவே போதுமானது. ரேங்க் குறைந்துவிட்டது என்று பதறி இன்னொரு மோட்டார் வாங்கப் போகும் முன் இந்த ஒரு குறியைப் பார்த்துவிடுங்கள்.

அப்சர்வபிலிட்டி: சென்சார் பக்கம்

சென்சார் காட்டும் y = Cx-ஐ வைத்து எல்லா நிலை மாறிகளையும் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அப்சர்வபிலிட்டி. கணக்கு ஒன்றேதான், திருப்பிப் போட்டது. C, CA, CA², CA³ ஆகியவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி ரேங்க் பார்க்க வேண்டும். A-க்குப் பதில் அதன் இடமாற்று அணி, B-க்குப் பதில் C-யின் இடமாற்று அணி என்று கொடுத்தால் மேலே எழுதிய அதே ஆக்டேவ் வரிகள் வேலை செய்யும். பிபிஹெச் சோதனையில் B பக்கத்தில் நின்றது போல C அடியில் நிற்கும்: [λI − A; C].

நீளங்கள் மறுபடி 1, 0.5. முதல் கம்பியில் மட்டும் ஒரு கோண சென்சார், C = [1 0 0 0]. CA = [0 1 0 0], CA² = [10 0 0 0], CA³ = [0 10 0 0]. மூன்றாவது, நான்காவது நிரல்கள் முழுக்கப் பூஜ்யம், ரேங்க் 2. இரண்டாவது கம்பி விழுந்தாலும் இந்த சென்சாருக்குத் தெரியாது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இப்படி வந்ததற்குக் காரணம், வண்டியின் முடுக்கத்தை உள்ளீடாக எடுத்ததால் ஒரு கம்பியின் அசைவு இன்னொன்றுக்குப் போக வழியே இல்லாமல் மாடலில் அடைத்துவிட்டோம். விசையை உள்ளீடாக எடுத்திருந்தால், இரண்டாவது கம்பி சாயும்போது அது வண்டியைத் தள்ளும், வண்டி முதல் கம்பியை ஆட்டும், CA² நிரையில் θ2-வுக்கு ஒரு பூஜ்யமல்லாத எண் வந்து ரேங்க் 4 ஆகிவிடும். வண்டி ஒன்றே, கம்பிகள் ஒன்றே, சென்சாரும் ஒன்றே, உள்ளீடு என்று எதை எடுத்தோம் என்பது மட்டும் மாறியது. அதனால் அப்சர்வபிலிட்டி முடிவை எழுதும்போது எந்த உள்ளீட்டுக்கு என்றும் சேர்த்து எழுதுங்கள்.

முடுக்க மாடலுக்கே திரும்புவோம். சென்சாரை மாற்றி, இரண்டு கோணங்களின் வித்தியாசத்தை மட்டும் அளக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், C = [1 0 −1 0]. நிரைகள் முறையே [1 0 −1 0], [0 1 0 −1], [10 0 −20 0], [0 10 0 −20]. 2×2 துண்டு [1 −1, 10 −20], அணிக்கோவை −10. ரேங்க் 4. தனித்தனிக் கோணம் எதையும் அளக்காமலே, வித்தியாசத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு கம்பியின் நிலையையும் பிரித்துச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் விழுகின்றன.

சம நீளத்தில் அதே சென்சார்? [1 −1, 10 −10], ஒவ்வொரு துண்டின் ரேங்கும் 1, மொத்தம் 2. இப்போது நிலைமையைச் சேர்த்துப் பாருங்கள்: மோட்டார் தொடுவது கோணங்களின் கூட்டுத்தொகையை மட்டும், சென்சார் பார்ப்பது வித்தியாசத்தை மட்டும். மோட்டாரை எப்படி ஆட்டினாலும் சென்சாரில் அதன் தடயம் வராது. உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் எழுதினால்

```
y/u = −1/(s² − 10) + 1/(s² − 10) = 0
```

பூஜ்யம். டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை மட்டும் பார்ப்பவருக்கு இங்கே ஒரு அமைப்பே இல்லை. உள்ளே நான்கு நிலை மாறிகள், வளர்ந்துகொண்டே போகும் இரண்டு அசைவுகள். ஸ்டேட் ஸ்பேஸில் இந்தச் சோதனைகளை ஏன் செய்கிறோம் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான்.

நூலிழையில் தப்பியது

நிஜத்தில் இரண்டு கம்பிகள் சரிசமமாக அமையவே அமையாது. ஒன்று 1 மீட்டர், இன்னொன்று 0.99 என்று அளந்து போடுவீர்கள். ரேங்க் கேட்டால் 4, சந்தேகமே இல்லை. 0.9999 போட்டாலும் 4. அளந்த எண்களைப் போடும் வரை "ரேங்க் 2" என்ற எச்சரிக்கை திரையில் வரப்போவதே இல்லை.

ஏன் என்றால், `rank` கட்டளை எண்ணுவது தன் வரம்பை விடப் பெரிய சிங்குலர் மதிப்புகளை. அந்த வரம்பு கம்ப்யூட்டரின் கணக்குப் பிழையை ஒட்டி வைத்தது, இந்த அணிக்கு மேட்லாபில் ஏறக்குறைய 7 × 10⁻¹⁵. L2 = 0.99 இருக்கும்போது மிகச் சிறிய சிங்குலர் மதிப்பு 0.0071. வரம்பை விட லட்சம் கோடி மடங்கு பெரியது, எனவே `rank` நிம்மதியாக 4 என்கிறது. ஆனால் பொறியாளருக்கு வரம்பு அங்கே இல்லை. அளவில் ஒரு சதவீதப் பிழை இருக்கலாம் என்றாலே 0.99-ம் 1-ம் ஒன்றுதான்.

இங்கேதான் நாம் விட்டுவந்த `svd` வேலைக்கு வருகிறது. பெரியதைச் சிறியதால் வகுங்கள். L2 = 0.5-க்கு 41.29 ÷ 0.484, சுமார் 85. L2 = 0.99-க்கு 14.36 ÷ 0.0071, சுமார் 2000. இந்த விகிதத்துக்கு எல்லா அமைப்புக்கும் பொருந்தும் எல்லைக்கோடு எதுவும் கிடையாது, ஆகவே அதை நல்லது, கெட்டது என்று தனியாகத் தீர்ப்பு சொல்லப் பயன்படுத்தாதீர்கள். எதையாவது மாற்றும்போது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கத்தான் அது.

தீர்ப்புக்கு ஒரு கன்ட்ரோலரைப் போட்டுப் பார்த்துவிடுவதே நல்லது. நான்கு துருவங்களையும், அதாவது கன்ட்ரோலர் சேர்ந்த பிறகு வரும் ஐகன் மதிப்புகளையும், −4-இல் வைக்க u = −Kx என்று எடுத்து K-வைக் கணக்கிடுவோம். L2 = 0.5-க்கு முதல் கோணத்தின் கெயின், அதாவது அதைப் பெருக்கும் K-வின் உறுப்பு, 131.6 வரும். முதல் கம்பி மட்டும் 1 டிகிரி, அதாவது 0.01745 ரேடியன், சாய்ந்தால் வண்டி 2.3 m/s² முடுக்கம் எடுக்க வேண்டும். ஒரு சாதாரண மோட்டாரால் ஆகிற காரியம். L2 = 0.99-க்கு அதே துருவங்கள், அதே கோணத்தின் கெயின் 13,028. அதே 1 டிகிரிக்கு 227 m/s², புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இருபது மடங்குக்கும் மேல். இரண்டு அமைப்பும் ரேங்க் 4 தான். இரண்டும் ஏட்டில் கன்ட்ரோலபிள்தான்.

கெயின் ஏன் இப்படி ஏறுகிறது என்றால் அது g/L2 − g/L1 என்ற வித்தியாசத்தால் வகுபடுகிறது. வித்தியாசம் 10-லிருந்து 0.101-க்கு இறங்கினால் கெயின் 99 மடங்கு ஏறும். அத்தோடு சென்சாரின் சத்தமும் அதே கெயினால் பெருகி மோட்டாருக்குப் போகும், கோணத்தில் நூறில் ஒரு டிகிரி நடுக்கம் இருந்தாலே வண்டி உதறத் தொடங்கிவிடும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு

மேலே பார்த்தது, ஆபத்தான அமைப்பை `rank` சரி என்று சொன்ன கதை. நல்ல அமைப்பை இல்லை என்று சொல்வதும் நடக்கும், பெரும்பாலும் அலகுகளால்.

ஐந்து முதல்-வரிசை ஃபில்டர்கள், ஒரே உள்ளீடு எல்லாவற்றுக்கும் போகிறது, ஐகன் மதிப்புகள் −1, −10, −100, −1000, −10000. ஐந்தும் வேறு வேறு, ஒவ்வொன்றையும் உள்ளீடு தொடுகிறது, எனவே கன்ட்ரோலபிள் என்பதில் கணிதத்துக்குச் சந்தேகமே இல்லை.

```
A = diag([-1 -10 -100 -1000 -10000]);
B = ones(5,1);
rank([B, A*B, A^2*B, A^3*B, A^4*B])
```

விடை 5 வராது, குறைவாகத்தான் வரும். A⁴B-யின் கடைசி உறுப்பு 10¹⁶. அவ்வளவு பெரிய எண் அணிக்குள் இருந்தால் `rank` வைக்கும் வரம்பே 10 ஆகிவிடுகிறது. முதல் ஃபில்டருக்கு உரிய நிரையில் இருப்பதோ +1-உம் −1-உம் மட்டும், அதன் நீளம் √5. மிகச் சிறிய சிங்குலர் மதிப்பு அதைத் தாண்ட முடியாது, எனவே அது பூஜ்யம் என்று தள்ளப்பட்டுவிடுகிறது.

இப்போது நேரத்தை நொடிக்குப் பதில் மில்லி நொடியில் அளப்போம், அதாவது A, B இரண்டையும் 1000-ஆல் வகுத்துவிட்டு அதே `rank`. விடை 5. அமைப்பில் எதுவும் மாறவில்லை, கடிகாரத்தின் அலகுதான் மாறியது. வேகமும் மந்தமும் கலந்த மாடலில் முதலில் நேர அலகை, வேக மந்தங்களுக்கு நடுவில் ஓர் இடத்தில் 1 வருமாறு மாற்றிவிட்டு, பிறகு நிலை மாறிகளையும் ஒன்றுக்கொன்று பக்கத்து அளவுகளில் வருமாறு அளவு மாற்றிக்கொள்ளுங்கள். மில்லி மீட்டரில் ஒன்று, மெகா பாஸ்கலில் இன்னொன்று என்று கலந்து கிடப்பதுதான் வழக்கமான குற்றவாளி.

இதே ஃபில்டர்களுக்கு பிபிஹெச் ஓட்டினால் நேரத்தை நொடியில் அளந்தாலே சரியான விடை வரும், ஏனென்றால் அதில் A-இன் அடுக்குகள் கிடையாது, 10⁴-க்கு மேல் எண்ணே தோன்றாது. நிலை மாறிகள் ஆறு, ஏழைத் தாண்டினால் நான் அடுக்கு அணியைக் கட்டுவதே இல்லை, நேராக பிபிஹெச்தான். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: ஐகன் மதிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றலாம். அதற்காகத்தான் ரேங்கை விட்டுவிட்டு அந்தச் சிறிய சிங்குலர் மதிப்பைப் பார்க்கச் சொன்னேன். 0.99 மீட்டர் கம்பிக்கு அந்த லூப்பை ஓட்டிப் பாருங்கள், 0.5-க்கு வந்ததோடு ஒப்பிட்டால் இறக்கம் அங்கேயே தெரியும்.

அந்த எண் சிறியதாக வந்து, λ-வின் மெய்ப்பகுதியும் நேர்மறையாக இருந்தால், கெயினைத் திருகிப் பயனில்லை, இரும்பைத்தான் மாற்ற வேண்டும். நம் வண்டியில் அது ஒரு கம்பியை வெட்டிக் குட்டையாக்குவது. எவ்வளவு வெட்டலாம் என்பதற்கு, உங்கள் மோட்டார் தரக்கூடிய அதிகபட்ச முடுக்கத்தை எடுத்து, சமாளிக்க வேண்டிய சாய்வை ரேடியனில் போட்டு வகுத்தால் தாங்கக்கூடிய கெயின் கிடைக்கும். பிறகு L2-வை 0.95, 0.9, 0.8 என்று இறக்கிக்கொண்டே வந்து K-வின் எல்லா உறுப்புகளும் அந்த அளவுக்குள் எப்போது வருகின்றன என்று பாருங்கள். ரொம்பவும் வெட்டிவிடவும் கூடாது: 0.1 மீட்டர் கம்பியின் ஐகன் மதிப்பு 10, அது விழும் வேகத்துக்கு சென்சாரும் மோட்டாரும் ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கும், அந்தத் தாமதத்தைப் பற்றி A, B, C மூன்றுக்கும் ஒன்றும் தெரியாது.